மாற்றல் வந்துவிட்டது, அக்ரிமென்ட் முடியவில்லை: ஓனருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது?

"பதினோரு மாத அக்ரிமென்டில் ஐந்து மாதம்தான் ஆகிறது. கம்பெனி புனேவுக்கு மாற்றிவிட்டது. மீதி ஆறு மாத வாடகையையும் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வேன் என்கிறார் ஓனர். வேறு ஆள் பார்த்துத் தருகிறேன் என்று கடிதம் கொடுக்கலாமா? என்ன எழுத வேண்டும்?"

கொடுக்கலாம், இன்றைக்கே கொடுங்கள். ஆனால் எழுத உட்காருவதற்கு முன்னால் அக்ரிமென்டை எடுத்து இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, நோட்டீஸ் காலம்: "இரு தரப்பில் யார் முடித்துக்கொள்ள விரும்பினாலும் இத்தனை மாதம் முன்னால் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்" என்ற வரி. இன்னொன்று லாக்-இன்: "முதல் ஆறு மாதம் காலி செய்யக்கூடாது" என்பது போல ஒரு வரி. பத்திர எழுத்தர் பழைய அக்ரிமென்டில் பெயரை மட்டும் மாற்றி அடித்துக்கொடுத்திருப்பார். உங்களுக்கும் தெரியாது, ஓனருக்கும் தெரியாது, இரண்டும் உள்ளே இருக்கும்.

நோட்டீஸ் வரி இருந்தால் ஆறு மாத வாடகை என்ற பேச்சுக்கே இடமில்லை. நோட்டீஸ் காலம் வரைதான் உங்கள் பொறுப்பு. லாக்-இன் இருந்தால் அது முடியும் வரை தங்க வேண்டும், அல்லது அதுவரை வாடகை தர வேண்டும். இங்கே வரியை நிதானமாகப் படியுங்கள். "காலி செய்யக்கூடாது" என்றுதான் இருக்கிறதா, "நோட்டீஸ் கொடுக்கக்கூடாது" என்று இருக்கிறதா? முதலாவது என்றால் லாக்-இன் ஓடும்போதே நோட்டீஸ் கொடுத்துவிடலாம், இரண்டும் சேர்ந்தே ஓடிவிடும். இரண்டு வரியுமே இல்லை என்றால் பதினோரு மாதத்துக்கு ஒப்புக்கொண்டவர் நீங்கள். பாதியில் போகிறேன் என்று உரிமையாகச் சொல்ல முடியாது, பேசித்தான் தீர்க்க வேண்டும். அப்போதும் கடிதம் அதேதான், தொனி மட்டும் இன்னும் கொஞ்சம் பணிவாக இருக்கட்டும்.

(நீங்கள் மாத வாடகைக்காரர் என்று வைத்துத்தான் சொல்கிறேன். மொத்தத் தொகை கொடுத்து வாடகையில்லாமல் இருக்கும் "லீஸ்", அதாவது ஒத்தி என்றால் கதை வேறு. அந்தப் பணத்தை ஓனர் ஏற்கனவே செலவழித்திருப்பார், அடுத்தவர் கொடுத்தால்தான் உங்களுக்கு வரும்.)

நான் மாற்றலாகும் வேலையில் இருப்பவன், நாலு வீடு மாறியாகிவிட்டது. முதல் வீட்டில் வாய்வார்த்தையாகச் சொன்னேன். "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி" என்றார் ஓனர். சாமான் ஏற்றும் அன்று, "நீங்க இப்பதானே சொல்றீங்க?" என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த முறை, குரோம்பேட்டையில், கடிதமாகக் கொடுத்தேன். ஜனவரி 1-இல் தொடங்கிய அக்ரிமென்ட், வாடகை 16,000, அட்வான்ஸ் 80,000, லாக்-இன் ஆறு மாதம், நோட்டீஸ் இரண்டு மாதம். ஜூன் 14-ஆம் தேதி மாற்றல் உத்தரவு வந்தது, ஜூலை 15-இல் ஹைதராபாத்தில் சேர வேண்டும். 16-ஆம் தேதி கடிதத்தைக் கையில் கொடுத்தேன். ஏறக்குறைய இப்படி:

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: வீட்டைக் காலி செய்வதற்கான இரண்டு மாத முன்னறிவிப்பு.

தங்கள் வீட்டின் முதல் மாடியில் ஜனவரி 1 தேதியிட்ட அக்ரிமென்டின்படி குடியிருந்து வருகிறேன். எனக்கு ஹைதராபாத்துக்குப் பணி மாற்றல் வந்திருக்கிறது. உத்தரவின் நகலை இணைத்திருக்கிறேன். அக்ரிமென்டின் 9-ஆம் பிரிவின்படி இந்தக் கடிதத்தை இரண்டு மாத நோட்டீஸாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். நோட்டீஸ் காலம் ஆகஸ்ட் 15-உடன் முடிகிறது. அதுவரை வாடகையை வழக்கம்போல ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் செலுத்திவிடுவேன்.

நடுவில் காலி செய்வதால் தங்களுக்கு வீடு சும்மா கிடக்கக்கூடாது என்று விரும்புகிறேன். தாங்கள் சம்மதித்தால் தெரிந்தவர்களிடம் சொல்லி, இப்போதைய வாடகைக்கே குடிவரக்கூடியவர்களை அழைத்துவருகிறேன். யாரைத் தேர்ந்தெடுப்பது என்பது முழுக்கத் தங்கள் விருப்பம். அவர்களுடைய அட்வான்ஸும் அக்ரிமென்டும் தங்களுடன் நேரடியாகவே இருக்கட்டும். வீடு பார்க்க வருபவர்களுக்கு வார நாட்களில் மாலை 6 முதல் 8 வரையும், ஞாயிறு முழுவதும் காட்ட ஏற்பாடு செய்கிறேன். ஆகஸ்ட் 15-க்கு முன்பே வேறு குடித்தனம் வந்துவிட்டால், அவர்கள் வரும் நாளுக்கு முந்தைய நாள் வரை மட்டும் வாடகையைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

சாவி ஒப்படைக்கும் அன்று இருவரும் வீட்டைச் சேர்ந்து பார்த்து, கரண்ட் பில்லையும் அக்ரிமென்டில் உள்ள பெயின்டிங் செலவையும் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸைத் தர வேண்டுகிறேன்.

கடிதம் அவ்வளவுதான். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதி போட்டு அவர் கையெழுத்து வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால் சண்டை வேண்டாம். அதே கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பில் படமும் அனுப்பிவிடுங்கள்.

கடிதத்தில் இரண்டு மூன்று வரிகளை வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன். "ஆள் பிடித்துத் தருகிறேன்" என்று உறுதி கொடுக்கவில்லை, "அழைத்துவருகிறேன்" என்றுதான் எழுதினேன். உறுதி கொடுத்துவிட்டால், ஆள் கிடைக்காத ஒவ்வொரு நாளும் உங்கள் தப்பாகிவிடும். புது ஆளிடம் அட்வான்ஸை நீங்கள் வாங்கவே வாங்காதீர்கள், உங்கள் அக்ரிமென்டிலேயே அவரை உட்காரவைக்கவும் செய்யாதீர்கள். அது உள்வாடகை, ஓனரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கூடாது. அவர் வாடகை தரவில்லை என்றால் புனேயில் இருக்கும் உங்களுக்குத்தான் போன் வரும்.

"இப்போதைய வாடகைக்கே" என்ற இரண்டு வார்த்தைதான் என்னைக் காப்பாற்றியது. ஆள் மாறும்போது வாடகையை ஏற்றத் தோன்றுவது ஓனருக்கு இயல்பு. எங்கள் ஓனர் டு-லெட் போர்டில் போன் நம்பர் போட்டதோடு சரி, கேட்பவர்களிடம் 19,000 என்று சொல்ல ஆரம்பித்தார். நான் கூட்டிவந்த முதல் ஆட்கள் மூன்று பையன்கள், "பேச்சிலர்ஸ் வேண்டாம்" என்றுவிட்டார். அது அவர் உரிமை. உண்மையில் ஆள் தேடுவதற்கு முன்பே யாரெல்லாம் வேண்டாம் என்று அவரிடம் நான் கேட்டிருக்க வேண்டும். இரண்டாவது ஒரு குடும்பம், வீடு பிடித்திருந்தது, 19,000 என்றதும் போய்விட்டார்கள். யார், எந்தத் தேதி, என்ன சொன்னார்கள் என்று அன்றன்றே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் போட்டுவைத்தேன். ஒரு வாரம் கழித்து அதைக் காட்டி, "சார், பழைய வாடகைக்கு வர ஆள் வந்தாங்க. நீங்க ஏத்தினதாலதான் போயிட்டாங்க. அதுக்கு நான் வாடகை தர முடியாது" என்றேன். கொஞ்சம் முகம் சுருங்கியது, 17,000-க்கு இறங்கினார்.

சட்டமும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தில் இவ்வளவு அபராதம் என்று எழுதியிருந்தாலும் முழுத்தொகையும் தானாகக் கிடைத்துவிடாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 74-ஆம் பிரிவு, அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான நஷ்டஈடு என்றுதான் சொல்கிறது. 73-ஆம் பிரிவின் விளக்கம், நஷ்டத்தைத் தவிர்க்க என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. வீடு எத்தனை நாள் காலியாகக் கிடந்தது என்பதுதான் ஓனரின் உண்மையான நஷ்டம். அடுத்த குடித்தனம் வந்துவிட்ட வீட்டுக்கு இரண்டு பேரிடம் வாடகை வாங்க முடியாது. இதையெல்லாம் கடிதத்தில் எழுதாதீர்கள். பிரிவு எண்ணைப் பார்த்ததும் அவர் வக்கீலிடம் போவார், அப்புறம் பேச்சுவார்த்தை முடிந்தது.

தமிழ்நாட்டில் வீடு என்றால் பஞ்சாங்கத்தையும் பாருங்கள். ஆடியில் புது வீட்டுக்குப் போக நிறையப் பேர் சம்மதிக்க மாட்டார்கள், மார்கழியிலும் அப்படித்தான். ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிட்டால் ஆகஸ்ட் நடுவு வரை போர்டு தொங்கிக்கொண்டே இருக்கும், வாடகை உங்கள் தலையில். அதனால்தான் உத்தரவு வந்த இரண்டாம் நாளே கடிதம் கொடுத்தேன், ஆனி முடிவதற்குள் ஆளைக் கொண்டுவர ஓடினேன். மூன்றாவதாக வந்த குடும்பம் எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் சொல்லி வந்தது. புரோக்கர் இல்லாததால் இரண்டு பக்கமும் ஒரு மாத வாடகை மிச்சம். ஜூலை 11 அன்று அவர்கள் பால் காய்ச்சினார்கள், ஆடிக்கு இன்னும் சில நாள் இருந்தது.

கடைசிக் கணக்கு இப்படிப் போனது. ஜூன் வாடகை கொடுத்தாயிற்று. ஜூலையில் பத்து நாளுக்கு 5,200. கரண்ட் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எடுப்பார்கள் என்பதால் சாவி கொடுத்த அன்று மீட்டரைப் படம் எடுத்து அதுவரைக்கும் கணக்குப் போட்டோம், 1,400. பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை கேட்டார். ஆறு மாதம்தானே இருந்தோம், சுவரில் ஆணிகூட அடிக்கவில்லை என்று காட்டி 8,000-இல் முடித்தோம். மொத்தப் பிடித்தம் 14,600. வரவேண்டியது 65,400. அன்றைக்கே 50,000 கொடுத்தார், மீதி இரண்டு வாரம் கழித்துக் கணக்கில் போட்டார். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. நினைவூட்ட வேண்டி வந்தால் இதைச் சொல்லலாம்.

ஒன்றே ஒன்று செய்யாதீர்கள். "அட்வான்ஸ் உங்களிடம்தானே இருக்கிறது, கழித்துக்கொள்ளுங்கள்" என்று நோட்டீஸ் காலத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். மாற்றல் என்றதும் பலர் செய்வது இதைத்தான். அவர் சம்மதித்து எழுதிக் கொடுத்தால் சரி. இல்லாவிட்டால் அதுவரை ஒழுங்காக இருந்த நீங்கள் வாடகை பாக்கி வைத்தவர் ஆகிவிடுவீர்கள், நீங்கள் கூட்டிவரும் ஆளையும் அவர் அதே கண்ணோடுதான் பார்ப்பார். உங்களுக்கு லாக்-இன் வரி இருக்கிறதா, எந்த வார்த்தைகளில் இருக்கிறது என்று கீழே எழுதுங்கள், தேதிக் கணக்கைச் சேர்ந்து பார்க்கலாம்.