ஸ்டிக்கரை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்

கேள்வி: என் நிறத்தை வைத்து ஆபீஸில் தினமும் கிண்டல். "லைட்டைப் போடுங்கப்பா, இவங்க வந்துட்டாங்களான்னு தெரியல" என்கிறார்கள். என் போட்டோவை ஸ்டிக்கராக்கி குரூப்பில் விட்டிருக்கிறார்கள். கேட்டால் "சும்மா ஜாலிக்குத்தானே!" சிடுமூஞ்சி என்று பேர் வாங்காமல் எப்படி நிறுத்துவது?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: ஸ்டிக்கரிலிருந்தே தொடங்குகிறேன். வாட்ஸ்அப்பில் போட்டவரே அதை அழித்தாலும், ஃபேவரிட்டில் சேர்த்துக்கொண்டவர்களின் போனில் அது இருக்கும். நாளைக்கு வேறொரு குரூப்பில் தலைகாட்டும். தேதி தெரிகிற மாதிரி முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அதைச் செய்தவரைத் தனியாகப் பார்த்து, "குரூப்ல அழிச்சிடுங்க, ஃபேவரிட்ல இருந்தும் எடுத்துடுங்க, மத்தவங்களையும் எடுக்கச் சொல்லுங்க" என்று மூன்றையும் சேர்த்தே கேளுங்கள். அவர் இழுத்தடித்தால் அட்மினிடம் போங்கள். குரூப்பில் யார் போட்டதையும் அட்மின் அழிக்கலாம்.

நிறக் கிண்டல் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிவப்பழகு கிரீம் விளம்பரங்களும் சினிமா காமெடி டிராக்குகளும் பல தலைமுறைக்குப் பாடம் எடுத்திருக்கின்றன. 2020-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரில் இருந்த 'ஃபேர்' என்பதை எடுத்து 'க்ளோ' என்று வைத்தது. டப்பாவின் பெயர் மாறியது, உங்கள் ஆபீஸ் மாறவில்லை.

நேருக்கு நேர் கிண்டல் வரும்போது செய்ய வேண்டியது சின்ன விஷயம்தான், ஆனால் பழக வேண்டும். சங்கடத்துக்காகச் சிரிக்காதீர்கள். அந்தச் சிரிப்பைத்தான் "அவங்களே ரசிச்சாங்களே" என்று நாளைக்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். பதிலுக்கு அவருடைய வழுக்கையையோ தொப்பையையோ இழுக்காதீர்கள். அது போட்டியாகிவிடும், கூட்டம் அவர் பக்கம். சொன்னவரை ஒரு கணம் பாருங்கள். "என் நிறத்தை விட்டுடுங்க சார். அந்த பார்ட்டிக்கு இன்வாய்ஸ் போயிடுச்சா?" இன்வாய்ஸைக் கேட்கிற குரலிலேயே முதல் வாக்கியமும் வரவேண்டும். இரண்டாவது வாக்கியத்தை விடாதீர்கள்: சுற்றி நிற்பவர்கள் சங்கடமில்லாமல் வேலைக்குத் திரும்ப அதுதான் வழிவிடுகிறது. பெரிய விளக்கம் கொடுத்தால் அதுவே அடுத்த கிண்டலுக்குத் தீனி.

அதே நாள் வேறு நல்ல ஜோக் வந்தால் மனம்விட்டுச் சிரியுங்கள். உங்களுக்குப் பிடிக்காதது சிரிப்பல்ல, அந்த ஒரு கிண்டல்தான் என்பது அப்போது எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு மூன்று முறை சொல்லியும் தொடர்ந்தால், முதலில் ஆரம்பிக்கிறவர் ஒருவரை மட்டும் டீ டயத்தில் தனியே பிடியுங்கள். "எப்பவும் கிண்டல் பண்றீங்க" என்றால் மழுப்புவார். "திங்கக்கிழமை லைட் போடச் சொன்னீங்களே, அதை இனிமே சொல்லாதீங்க" என்றால் மழுப்ப இடமில்லை. அதற்கும் மசியாவிட்டால் தேதி, சொன்ன வார்த்தை, உடனிருந்தவர்கள் இவற்றைக் குறித்து, ஸ்கிரீன்ஷாட்டோடு ஹெச்.ஆருக்கு மெயில் போடுங்கள். வாயால் சொன்ன புகாருக்குத் தடயம் இருக்காது.

பேச்சு நிறத்தைத் தாண்டி ஆபாசமாகப் போனால் இந்தப் பொறுமையெல்லாம் வேண்டாம். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 2013-ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். கடைசியாக நடந்ததிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள்.