பத்தொன்பதா, இருபதா?

அன்புள்ள ஐயா,

தனியார் கல்லூரி ஒன்றில் இயற்பியல் விரிவுரையாளராக இருக்கிறேன். முதலாண்டு மாணவி ஒருவர் தனி ஊசல் சோதனையின் முடிவில் ஈர்ப்பு முடுக்கம் 9.80 என்று எழுதியிருந்தார். அவருடைய அட்டவணையைக் கணக்கிட்டால் 10.9 வருகிறது. "அறிக்கை தரமாக இல்லை. முறையாகச் செய்து மீண்டும் சமர்ப்பிக்கவும்" என்று மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு வாரமாகியும் பதில் இல்லை, ஆய்வகத்துக்கும் வரவில்லை. எப்படி எழுதியிருக்க வேண்டும்? அட்டவணையை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மடலுக்கு வருமுன் அட்டவணையைப் பார்ப்போம். 20 அலைவுகளுக்கு ஆன நேரமாக அந்தப் பெண் எழுதியிருப்பது: 60 செ.மீ. நீளத்துக்கு 29.5 வினாடி, 80க்கு 34.1, 100க்கு 38.1. இவற்றை 20ஆல் வகுத்து ஒரு அலைவுக்கான நேரமான Tஐக் கண்டு, நீளம் Lஐயும் சேர்த்து g = 4π²L/T² என்ற வாய்ப்பாட்டில் போட்டால் மூன்றுமே 10.9க்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன. கவனக்குறைவாக அளந்திருந்தால் ஒன்று 9.2, இன்னொன்று 10.5 என்று சிதறியிருக்கும். கைக்கு வந்ததை எழுதியவர் என்றால், 9.80க்கு ஏற்ற எண்களையே அட்டவணையிலும் எழுதியிருப்பார். இவர் ஒழுங்காக அளந்திருக்கிறார், ஆனால் ஒரே பிழையை மூன்று முறையும் செய்திருக்கிறார். 38.1ஐ 20க்குப் பதிலாக 19ஆல் வகுத்து அதே வாய்ப்பாட்டில் போட்டுப் பாருங்கள், 9.82 வரும். ஸ்டாப் கிளாக்கை அழுத்தும்போது "சுழி" என்று தொடங்காமல் "ஒன்று" என்று எண்ணியிருக்கிறார். அதனால் "இருபது" என்னும்போது பத்தொன்பது அலைவுகள்தான் முடிந்திருக்கும். நானும் மாணவனாக இருந்தபோது இதையே செய்தேன். என் ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையில் "மோசம்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். எது மோசம் என்று தெரியாமல், கையெழுத்தைத் திருத்தி மறுபடி எழுதிக் கொடுத்தேன்.

உங்கள் மாணவியும் அப்படித்தான் விழித்துக்கொண்டிருப்பார். "தரமாக இல்லை" என்பது அறிக்கையில் எந்தப் பக்கத்தையும் சுட்டவில்லை. அதனால் அவர் அதைத் தன்னைப் பற்றிய தீர்ப்பாகவே எடுத்துக்கொள்வார். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"தனி ஊசல் அறிக்கையைப் படித்தேன். மூன்று நீளங்களுக்கும் நீங்கள் எடுத்த அளவுகள் ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்துகின்றன, கவனமாக அளந்திருக்கிறீர்கள். ஆனால் முடிவில் எழுதியுள்ள 9.80 உங்கள் அட்டவணையிலிருந்து வரவில்லை. அதிலிருந்து 10.9தான் வருகிறது. வந்த எண்ணைத்தான் எழுத வேண்டும், புத்தகத்தில் இருக்கும் எண்ணை அல்ல. அதனால் இந்த அறிக்கையை இப்போது ஏற்க முடியாது. மூன்று அளவுகளும் ஒரே பக்கமாக விலகியிருப்பதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். கடிகாரத்தை அழுத்திய கணத்தில் வாய்க்குள் என்ன எண் சொன்னீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். மறுபடி அளந்து, அட்டவணை, கணக்கீடு, முடிவு ஆகிய மூன்றை மட்டும் புதிதாக எழுதி வெள்ளிக்கிழமை மாலைக்குள் கொடுங்கள். பழைய அட்டவணையைக் கிழிக்க வேண்டாம், சேர்த்தே வையுங்கள். தாமதத்துக்காக மதிப்பெண் குறைக்க மாட்டேன்."

இதில் பாராட்டு ஒன்றே ஒன்றுதான், அதற்கு அட்டவணையில் ஆதாரம் இருக்கிறது. "நீங்கள் திறமையான மாணவி" என்று தொடங்கியிருந்தால், அடுத்து அடி விழப்போகிறது என்று முதல் வரியிலேயே தெரிந்துகொள்வார். 9.80 விஷயத்தை நான் மழுப்பவில்லை என்பதையும் கவனியுங்கள். அது பிழையான அளவீட்டைவிடப் பெரிய குற்றம், நேராகச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் "பொய்", "ஏமாற்று" என்ற சொற்களை எழுதவில்லை. எண் எங்கிருந்து வந்தது என்று நாம் ஊகிக்கிறோம், அவ்வளவுதான். மின்னஞ்சல் அழியாது, அதை வீட்டிலும் படிப்பார்கள். கேட்க வேண்டுமென்றால் ஆய்வகத்தில் நேரில் கேளுங்கள்.

பத்தொன்பது என்ற விடையைச் சொல்லிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். சொன்னால் அவர் பழைய எண்களையே 19ஆல் வகுத்துக் கொடுத்துவிடுவார், ஊசலைத் தொடவே மாட்டார். கேள்வி மட்டும் இருந்தால், கயிற்றைக் கட்டி எண்ணிப் பார்த்தே தீர வேண்டும். நோக்கம், கருவிகள், செய்முறை எல்லாவற்றையும் திரும்ப எழுதச் சொல்லாததற்கும் இதுதான் காரணம். பத்துப் பக்கம் பார்த்து எழுதுகிற கைக்கு அளக்க நேரமிருக்காது.

இப்போது ஒரு வாரம் போய்விட்டது. இதை அந்தப் பழைய மடலுக்கு மறுமடலாக அனுப்பாதீர்கள். திறந்தவுடன் கீழே அந்த இரண்டு வரிகளும் தெரியும். புதிய மடலாக, "தனி ஊசல்: மூன்று பகுதிகளை மட்டும் திருத்த" என்ற தலைப்பில் அனுப்புங்கள். முதல் வரியில், முன்பு எழுதியது தெளிவாக இல்லை என்று நீங்களே ஒப்புக்கொள்ளுங்கள். கருவியைத் தயார்செய்துவிட்டால் மூன்று நீளத்துக்கும் அளவெடுக்கப் பத்து நிமிடம்தான் ஆகும். எந்த நாளில் எத்தனை மணிக்கு ஆய்வகம் திறந்திருக்கும், சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.