ஒப்பந்தம் இழுத்ததா, ரயில் இழுத்ததா?

கேள்வி: செர்பியாவில் ஓர் இளவரசரைச் சுட்டதற்காக ஐரோப்பா முழுவதும் அடித்துக்கொண்டது ஏன்? கூட்டணி ஒப்பந்தம் போட்டிருந்ததால் எல்லா நாடுகளும் வேறு வழியில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போரில் இறங்கின என்றுதானே பள்ளியில் படித்தோம்? அப்படியானால் யாரையும் குற்றம் சொல்ல முடியாதுதானே?

எஸ்.கே., விருதுநகர்

பதில்: சுட்டது செர்பியாவில் அல்ல, போஸ்னியாவின் சரயேவோவில். 1908-லேயே ஆஸ்திரியா-ஹங்கேரி தன்னோடு சேர்த்துக்கொண்ட ஊர் அது. பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டையும் அவர் மனைவி சோபியையும் 1914 ஜூன் 28 அன்று சுட்ட காவ்ரிலோ பிரின்சிப், அதே பேரரசின் குடிமகன். துப்பாக்கி மட்டும் செர்பியத் தலைநகர் பெல்கிரேடிலிருந்து வந்தது. கொடுத்து அனுப்பியதில் செர்பிய ராணுவ உளவுப் பிரிவினரின் கை இருந்தது.

இனி ஒப்பந்தங்கள். செர்பியாவைக் காப்பாற்றியே தீரவேண்டும் என்று ரஷ்யா எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை. பிரான்சோடு பிரிட்டன் 1904-ல் செய்துகொண்டது எகிப்து, மொராக்கோ போன்ற காலனித் தகராறுகளைத் தீர்க்கும் உடன்பாடு. போர் வந்தால் கூட வருவேன் என்று அதில் ஒரு வரி கிடையாது. ஜெர்மனி, ஆஸ்திரியாவோடு 1882 முதல் கூட்டணியில் இருந்த இத்தாலி, 'இது தற்காப்புப் போர் அல்ல' என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டது. அவர்களோடு ரகசிய ஒப்பந்தம் வைத்திருந்த ருமேனியாவும் நகரவில்லை. ஒப்பந்தம் கட்டாயப்படுத்தியது என்றால் இந்த இருவரையும் அது ஏன் கட்டாயப்படுத்தவில்லை?

ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையில் 1879-ல் போட்டதைப் பாருங்கள். இருவரில் ஒருவரை ரஷ்யா தாக்கினால் மற்றவர் துணைக்கு வரவேண்டும், அவ்வளவுதான். 1914 ஆகஸ்ட் 1 அன்று ரஷ்யா யாரையும் தாக்கியிருக்கவில்லை. ஆனாலும் ஜெர்மனி அன்று மாலை ரஷ்யா மீது போர் அறிவித்தது. யாருடைய சண்டைக்காக இத்தனையும் நடந்ததோ அந்த ஆஸ்திரியா, ரஷ்யா மீது போர் அறிவித்தது ஆகஸ்ட் 6-ல்! துணைக்கு வந்தவன் ஐந்து நாள் முன்பே களத்தில். துணைக்கு அழைத்தவன் இன்னும் வீட்டில். எந்த ஷரத்தின்படி என்று உங்கள் பாடப்புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள்.

கூட்டணி செய்த வேலை வேறு. அது தைரியம் கொடுத்தது. ஜூலை 5, 6 தேதிகளில் ஆஸ்திரியத் தூதர் பெர்லினுக்குப் போய்க் கேட்டபோது, நீங்கள் என்ன செய்தாலும் பின்னால் நிற்கிறோம் என்று ஜெர்மன் பேரரசர் கெய்சர் வில்ஹெல்மும் அவருடைய பிரதமர் பெத்மன் ஹால்வெக்கும் வாக்குக் கொடுத்தார்கள். தொகை எழுதாமல் கையெழுத்திட்ட காசோலை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது இதைத்தான். கொடுத்துவிட்டுக் கெய்சர் நார்வே கடலுக்கு உல்லாசப் பயணம் கிளம்பிவிட்டார். செர்பியாவைச் சட்டென்று தட்டி வைத்துவிடுவார்கள், உலகம் முணுமுணுத்துவிட்டு அடங்கிவிடும் என்பது பெர்லினின் கணக்கு.

ஆனால் வியன்னாவால் சட்டென்று எதையும் செய்ய முடியவில்லை. ஹங்கேரியப் பிரதமர் டிஸா ஜூலை 14 வரை சம்மதிக்கவில்லை. படையில் பெரும் பகுதி அறுவடை விடுப்பில் ஊருக்குப் போயிருந்தது. பிரெஞ்சு அதிபர் புவான்கரே ரஷ்யாவில் விருந்தாளியாக இருந்தார். அவரும் ரஷ்யப் பேரரசர் ஜாரும் ஒரே அறையில் இருக்கும்போது செய்தி போகக்கூடாது என்று அவர் கப்பலேறும்வரை காத்திருந்தார்கள். கொலை நடந்த சூட்டில் ஐரோப்பா முழுவதும் ஆஸ்திரியா மீது இருந்த அனுதாபம் இந்த மூன்றரை வாரத்தில் ஆறிப்போனது. அதன்பிறகு, ஜூலை 23 மாலை 6 மணிக்கு, பத்துக் கோரிக்கைகளும் 48 மணி நேரக் கெடுவும் கொண்ட இறுதி எச்சரிக்கை பெல்கிரேடில் கொடுக்கப்பட்டது.

கெடு முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது செர்பியப் பிரதமர் பாசிச் பதிலைக் கொண்டுவந்தார். பெரும்பாலானவற்றுக்குச் சம்மதம் அல்லது சம்மதம் போன்ற பேச்சு. செர்பிய மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் பங்கேற்பதை மட்டும் தெளிவாக மறுத்தார். ஆஸ்திரியத் தூதர் கீஸ்ல் அதை மேலோட்டமாகப் பார்த்தார். உறவு முறிந்தது என்ற கடிதத்தை அனுப்பினார். ஆறரை மணி ரயிலில் குடும்பத்தோடு ஏறிவிட்டார். பெட்டி படுக்கையெல்லாம் ஏற்கெனவே கட்டி வைத்திருந்தது. பதில் எப்படி இருந்தாலும் போர்தான் என்று முடிவுசெய்துவிட்டுக் கேட்ட கேள்வி அது.

இங்கே ஒரு வேடிக்கை. பயணத்திலிருந்து திரும்பிய கெய்சர் அந்தச் செர்பியப் பதிலை ஜூலை 28 காலையில்தான் படித்தார். படித்துவிட்டு, போருக்கான காரணமெல்லாம் இத்தோடு போய்விட்டது என்று ஓரத்தில் எழுதினார். உத்தரவாதத்துக்கு ஆஸ்திரியா பெல்கிரேடை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டு பேசட்டும் என்று யோசனையும் சொன்னார். பெத்மன் அதை அன்று இரவுதான் வியன்னாவுக்கு அனுப்பினார்; அதிலும், உங்களைத் தடுக்கப் பார்க்கிறோம் என்ற எண்ணம் வந்துவிடக்கூடாது என்று சேர்த்துக்கொண்டார். அதற்குள் ஆஸ்திரியா செர்பியா மீது தந்தி மூலம் போர் அறிவித்தாயிற்று. ஆகஸ்ட் 12 வாக்கில்தான் படை தயாராகும் என்று தலைமைத் தளபதி கான்ராட் சொல்லியிருந்தார். ஆனாலும் சமரசம் பேச யாராவது வருவதற்குள் கதவைச் சாத்திவிட வேண்டும் என்று வெளியுறவு அமைச்சர் பெர்ஷ்டோல்டு முந்திக்கொண்டார். நான் குற்றம் சொல்லத் தொடங்குவதானால் இந்த அறிவிப்பிலிருந்துதான் தொடங்குவேன்.

அடுத்தது ரஷ்யா. அன்றைய படைதிரட்டல் எப்படி நடந்தது என்பது தெரியாமல் இந்தக் கட்டம் புரியாது. விடுப்பிலுள்ள ரிசர்வ் வீரர்கள் லட்சக்கணக்கில் முகாமுக்கு வரவேண்டும்; குதிரைகளைப் பிடிக்கவேண்டும்; பின்பு ரயில் ரயிலாக எல்லைக்குப் போகவேண்டும். எந்த வண்டி எந்தத் தடத்தில் எந்த மணிக்கு என்பதெல்லாம் பல வருடங்களாகப் போட்டு வைத்த அட்டவணை. ரஷ்ய வெளியுறவு அமைச்சர் சசோனோவ், ஆஸ்திரியாவை மட்டும் மிரட்டப் பகுதிப் படைதிரட்டல் போதும் என்று நினைத்தார். கீவ், ஒடெஸா, மாஸ்கோ, கசான் ஆகிய நான்கு ராணுவ மாவட்டங்கள் மட்டும். அதற்கு அட்டவணையே இல்லை என்று தளபதிகள் சொன்னார்கள். ஆஸ்திரியாவை எதிர்க்க வார்சா மாவட்டமும் வேண்டும். அதைத் தொட்டால் ஜெர்மனிக்கும் எதிராகத் திரட்டியதாகும். பகுதியாகத் தொடங்கிவிட்டு நடுவில் முழுப் படைதிரட்டலுக்கு மாறினால் தடங்கள் குழம்பி இரண்டுமே கெடும்.

ஜூலை 29 அன்று ஜார் நிக்கோலஸ் முழுப் படைதிரட்டலுக்குக் கையெழுத்துப் போட்டார். ஆணையோடு தளபதி டோப்ரோரோல்ஸ்கி தலைமைத் தந்தி அலுவலகத்தில் நின்றார். அனுப்பும் நேரத்தில், இரவு ஒன்பதரை வாக்கில், நிறுத்து என்று தொலைபேசி வந்தது. கெய்சரிடமிருந்து வந்த ஒரு தந்தியைப் பார்த்து ஜார் மனம் மாறியிருந்தார். பகுதிப் படைதிரட்டல் மட்டும் போதும் என்றார். மறுநாள் மாலை சசோனோவ் நேரில் போய் வாதாடி மறுபடி முழு ஆணை வாங்கினார். வாங்கியதும் தலைமைத் தளபதி யானுஷ்கேவிச்சை அழைத்து, இனி உங்கள் தொலைபேசியை உடைத்துவிடலாம் என்றார். ஜார் மறுபடி மனம் மாறி அழைத்தால் அகப்படக்கூடாது அல்லவா!

ரஷ்யப் படை திரண்டாலும் எல்லையில் வாரக்கணக்கில் சும்மா நிற்க முடியும். ஆஸ்திரியப் படையும் அப்படித்தான். ஜெர்மனியால் மட்டும் முடியாது. ரஷ்யாவின் கூட்டாளியான பிரான்சை ஏறக்குறைய ஆறு வாரத்தில் முடித்துவிட்டு, மெதுவாகத் திரளும் ரஷ்யாவின் பக்கம் திரும்புவது ஜெர்மன் திட்டம். ரஷ்யா முந்திக்கொள்ளும் ஒவ்வொரு நாளும் அந்த ஆறு வாரத்தில் கழியும். தவிர, பிரான்சுக்குப் போகும் வழி பெல்ஜியம். வழியை மறிப்பது லியேஜ் கோட்டை நகரம். எதிரி விழிப்பதற்குள், படை முழுதும் திரளுவதற்கும் முன்பே, அதைப் பிடிக்கவேண்டும் என்று தலைமைத் தளபதி மோல்ட்கே எழுதி வைத்திருந்தார். ஆகவே பெர்லினில் படைதிரட்டல் என்றாலே நடுநிலை நாடு ஒன்றின் மீது சில நாட்களுக்குள் தாக்குதல் என்று பொருள். இந்த லியேஜ் விவரம் பெத்மனுக்கே ஜூலைக் கடைசியில்தான் தெரிந்தது. பிரதமர் சமாதானத் தந்தி எழுதிக்கொண்டிருந்த அதே நேரத்தில் மோல்ட்கே, ரஷ்யாவுக்கு எதிராக உடனே திரட்டுங்கள் என்று கான்ராடுக்குத் தந்தி கொடுத்தார். பெர்லினில் ஆள்வது யார், மோல்ட்கேயா பெத்மனா, என்று வியன்னாவில் பெர்ஷ்டோல்டு கேட்டது நியாயமான கேள்வி.

ஜூலை 31 அன்று ரஷ்யாவுக்குப் பன்னிரண்டு மணி நேரக் கெடு, பிரான்சுக்குப் பதினெட்டு. ஆகஸ்ட் 1 மாலை கெய்சர் படைதிரட்டலுக்குக் கையெழுத்துப் போட்ட சிறிது நேரத்தில் லண்டன் தூதரின் தந்தி வந்தது: பிரான்சைத் தொடாவிட்டால் பிரிட்டன் ஒதுங்கியிருக்கலாம் போலிருக்கிறது. கெய்சருக்கு ஒரே மகிழ்ச்சி. அப்படியானால் மொத்தப் படையையும் கிழக்கே அனுப்புங்கள் என்றார். முடியாது, லட்சக்கணக்கானவர்களை அப்படித் திருப்பினால் அது படையாக இருக்காது, கூட்டமாகத்தான் இருக்கும் என்றார் மோல்ட்கே. அவர் சொன்னது பொய்யல்ல. கிழக்கு நோக்கிய தனித் திட்டத்தை 1913-லேயே கைவிட்டுவிட்டார்கள். மாற்று வழியை அடைத்ததும் அவர்களேதான். லக்சம்பர்க்கில் நுழைய வேண்டாம் என்று உத்தரவு பறந்தது. அதற்குள் ஒரு சிறு பிரிவு எல்லையிலிருந்த ரயில் நிலையத்தைப் பிடித்துவிட்டது. இரவுக்குள் லண்டன் செய்தி தவறான புரிதல் என்று தெரியவர, பழைய திட்டமே ஓடியது.

மிச்சத்தைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். ஆகஸ்ட் 2 பெல்ஜியத்துக்குக் கெடு, 3 பிரான்ஸ் மீது போர், 4 பெல்ஜியத்துக்குள் படை. பெல்ஜியத்தின் நடுநிலைக்கு 1839-ல் உறுதி கொடுத்திருந்த பிரிட்டன் அன்று இரவு 11 மணிக்கு இறங்கியது. பிரான்ஸ் நசுங்கினால் ஜெர்மனியே கரைக்கு எதிரே வந்து நிற்கும் என்ற பயமும் லண்டனுக்கு இருந்தது. போர் வேண்டுமா என்று பிளவுபட்டிருந்த அமைச்சரவையைச் சேர்த்துவைக்கப் பெல்ஜியம் உதவியது. இந்தியாவை யாரும் கேட்கவில்லை, லண்டன் அறிவித்ததே நமக்கும் அறிவிப்பு. செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது அந்தக் கணக்கில்தான்.

யாரையும் குற்றம் சொல்ல முடியாதா என்றால், தாராளமாகச் சொல்லலாம். வியன்னாவும் பெர்லினும் முதலில். அவசரப்பட்ட ரஷ்யா அடுத்தது. சரி, இத்தனை அவசரப்பட்ட ஆஸ்திரியா என்ன செய்தது? தன் இரண்டாம் படையைச் செர்பிய எல்லைக்கு ரயிலேற்றியது. ரஷ்யா வருகிறது என்றதும் அதை ரஷ்ய எல்லையை ஒட்டிய கலீசியா மாகாணத்துக்குத் திருப்பக் கான்ராட் கேட்டார். நடுவழியில் திருப்பினால் தடமெல்லாம் அடைத்துக்கொள்ளும், போய்ச் சேர்ந்தபிறகுதான் திரும்பி ஏற்ற முடியும் என்றார்கள் ரயில்வே அதிகாரிகள். அப்படியே தெற்கே போய் இறங்கி, ஆகஸ்ட் 18 முதல் மறுபடி வண்டியேறியது. அதே நாட்களில் செர் மலையில் செர்பியர்கள் ஆஸ்திரியாவைத் தோற்கடித்து விரட்டிக்கொண்டிருந்தார்கள்.