எட்டுப் பேருக்கு ஒரு கிலோ பருப்பு: ரேஷன் பொருளை வைத்து மாதம் ஓட்டுவது எப்படி?

கேள்வி: மாமனார், மாமியார், நாங்கள் இருவர், கொழுந்தனார், மூன்று பிள்ளைகள் என எட்டுப் பேர் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறோம். முன்னுரிமை அட்டைதான். சின்னப் பிள்ளைகள் இருவரின் பெயரை இன்னும் சேர்க்கவில்லை. ரேஷனில் 30 கிலோ அரிசி, ஒரு கிலோ துவரம்பருப்பு, ஒரு லிட்டர் பாமாயில் கிடைக்கிறது. பருப்பு பத்து நாளில் தீர்ந்துவிடுகிறது. இருபதாம் தேதிக்கு மேல் மளிகைக் கடையில் கடன்தான். எப்படித் திட்டமிடுவது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் அந்த இரண்டு பெயர்களைச் சேருங்கள். முன்னுரிமை அட்டைக்குத் தலைக்கு 5 கிலோ அரிசி. கைக்குழந்தையும் ஒரு தலைதான். பிறப்புச் சான்றிதழை வைத்து tnpds.gov.in தளத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம். பெயர் ஏறியதும் 30 கிலோ 40 ஆகும். மூன்று வேளைக்கும் சேர்த்து உங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோ அரிசி வேண்டும். மாதத்துக்கு அது 50 கிலோவைத் தாண்டும். இப்போது இருபது கிலோவுக்கு மேல் வெளியில் வாங்குகிறீர்கள், அது பாதியாகக் குறையும். பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படித்தால் மதியச் சாப்பாடு அங்கேயே, ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் உண்டு. அதைக் கழித்துவிட்டு உலை வையுங்கள்.

ஆனால் உங்களைக் கடனில் தள்ளுவது அரிசியைவிடப் பருப்பும் எண்ணெயும்தான். அரிசி தலையை எண்ணி வருகிறது, இவை இரண்டும் அட்டையை எண்ணி வருகின்றன. மூன்று பேர் உள்ள வீட்டுக்கும் ஒரு கிலோ பருப்புதான், எட்டுப் பேருக்கும் அதேதான். பெரிய குடும்பத்துக்கு இது பெரிய குறை. பெயர் சேர்த்தாலும் இது கூடாது. அதனால் மாதச் சமையலைப் பருப்பிலிருந்து திட்டமிடுங்கள்.

தினமும் 100 கிராம் போட்டால் பத்தே நாள். உங்கள் வீட்டில் நடப்பது அதுதான். அந்தக் கிலோவை வாங்கி வந்த அன்றே நான்கு பங்காகப் பிரித்து, ஒரு வாரத்துக்கு 250 கிராம் என்று தனித்தனி டப்பாவில் போட்டுவிடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் சாம்பார். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில் இருக்கும்போது 150 கிராம் போட்டுக் கெட்டியாக ஒன்று. வார நடுவில் 100 கிராமில் இன்னொன்று. இந்த இரண்டாவது சாம்பாருக்குப் பரங்கிக்காய்தான் கை கொடுக்கும். அரைக் கிலோ காயில் பாதியைத் துண்டாகப் போட்டு, மீதியைப் பருப்போடு சேர்த்தே வேகவைத்து மசித்துவிட்டால் குழம்பு தானாகக் கெட்டிப்படும். பரங்கிக்காயில் இனிப்பு இருப்பதால் புளியும் மிளகாயும் ஒரு கை கூடவே போடுங்கள்.

ரேஷன் துவரை சில மாதம் எத்தனை விசில் விட்டாலும் முழுசு முழுசாக நிற்கும். பருப்பு பழையதாக இருந்தால் அப்படி ஆகும். அதைச் சுடுதண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, மஞ்சள்தூளும் துளி எண்ணெயும் மட்டும் விட்டு வேகவையுங்கள். தக்காளி, புளி, உப்பு எல்லாம் பருப்பு மசிந்த பிறகுதான். புளிப்பு சேர்ந்துவிட்டால் பருப்பு அப்புறம் மசியவே மசியாது. பாதி வெந்த பருப்பு அடியில் தங்கிவிடும், மேலே தண்ணீர்தான் நிற்கும். பருப்பு போதவில்லை என்று மேலும் ஒரு பிடி போடுவது பெரும்பாலும் இதனால்தான்.

மீதி ஐந்து நாளில் இரண்டு நாளைப் பயறுக்குக் கொடுங்கள். தட்டைப்பயறு, கொள்ளு, கறுப்புக் கொண்டைக்கடலை, பச்சைப்பயறு நான்கிலும் அரைக் கிலோ வாங்கினால் மாதம் ஓடிவிடும். ஒரு நாளுக்கு 250 கிராமை இரவே ஊறவைத்தால் எட்டுப் பேருக்குத் தாராளம். கத்தரிக்காயும் தட்டைப்பயறும் போட்டுப் புளிக்குழம்பு வைத்தால் அன்றைக்குத் தனியாகக் கூட்டு வேண்டாம். கொள்ளை வேகவைத்த தண்ணீரில் ரசம், வெந்த கொள்ளில் துவையல், ஒரே பொருளில் இரண்டு ஆகிவிடும். துவரம்பருப்பை இன்னொரு கிலோ வெளியில் வாங்குவதைவிட இந்தப் பயறுகளை வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. மூன்று நாள் மிச்சம். ஒரு நாள் முருங்கைக்கீரை, ஒரு நாள் முட்டைக் குழம்பு, ஒரு நாள் வற்றல் குழம்போ மோர்க்குழம்போ வைத்துக்கொள்ளுங்கள்.

காய்க்குப் பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் அங்கேயே போங்கள். அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும், பேரம் பேச வேண்டாம். நாள்பட நிற்கும் பரங்கி, பூசணி, முள்ளங்கி, சேனை ஆகியவற்றை வாரத்துக்கு ஒரு முறை வாங்கலாம். கீரை, கத்தரி, தக்காளியை இரண்டு மூன்று நாளுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள்.

இட்லிக்கு ரேஷன் புழுங்கல் அரிசியே போதும். நாலுக்கு ஒன்று உளுந்து. ஒன்றரைக் கிலோ அரிசி ஊறப்போட்டால் எட்டுப் பேருக்கு இரண்டு வேளை டிபன் வரும். சோற்றில் வாடை அடித்தால் அரிசியை இரண்டு மூன்று தண்ணீரில் களைந்து அரைமணி ஊறவைத்துக் குக்கரில் வைக்காமல் வடித்துப் பாருங்கள், பெருமளவு போய்விடும். களையும்போது மிதக்கும் வெளிறிய அரிசியைப் பிளாஸ்டிக் அரிசி என்று பலர் பொறுக்கி எறிகிறார்கள். அது அரிசி மாவோடு இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் சேர்த்துச் செய்த செறிவூட்டிய அரிசி. நூறு பங்குக்கு ஒரு பங்கு கலந்திருக்கும். எறியாதீர்கள்.

பாமாயிலையும் வாரத்துக்குக் கால் லிட்டர் என்று சின்னப் பாட்டிலில் ஊற்றி வையுங்கள். தாளிப்புக்கும் தோசைக்கும் அதைத்தான் எடுக்க வேண்டும். ஒரு நாள் பூரி சுட்டால் ஒரு வார எண்ணெய் போய்விடும். மாதத்துக்கு இன்னொரு லிட்டர் கடலை எண்ணெயாவது வெளியில் வாங்கத்தான் வேண்டியிருக்கும், அதை மாதக் கணக்கிலேயே எழுதிவிடுங்கள். மார்கழிக் குளிரில் பாமாயில் உறைந்தால் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். பாட்டிலை வெந்நீரில் நிறுத்தினால் இளகிவிடும்.

கடைசியாக, கடையில் கவனிக்க வேண்டியது. அரிசி மாதத் தொடக்கத்தில் வந்துவிட்டாலும் பருப்பும் பாமாயிலும் சில மாதம் தாமதமாக வரும். அந்த நாளில் கையில் கிடைத்ததற்கு மட்டும் பில் போடச் சொல்லுங்கள். பருப்பு வந்ததும் இன்னொரு நாள் போய் வாங்கிக்கொள்ளலாம். உங்கள் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியில் வாங்காத பொருள் இருந்தால் அன்றே 1967-க்குப் புகார் சொல்லுங்கள். பருப்பு 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய், அரிசி இலவசம். இதோடு டீத்தூளோ சோப்போ கட்டாயம் வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அப்படி ஒரு விதி கிடையாது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரலாம்.