‘போயிட்டு வரேன்’ சொல்லும் வரி

வணக்கம் சார்.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகளை வரிசையாகப் படித்தேன். உங்கள் பெண் நன்றாகவே பேசியிருக்கிறாள். கல்லூரியில் ஆறு வருடம் மூத்தவர், பெங்களூரில் சிப் வெரிஃபிகேஷன் வேலையில் இருப்பவர். அவரிடம் நான்கே கேள்விதான் கேட்டிருக்கிறாள், நான்கும் வேலையைப் பற்றியவை. அவரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து, தட்டச்சு செய்ய அலுப்பாகி, இரண்டு வாய்ஸ் நோட் போட்டிருக்கிறார். அதில் ஒன்று ஏழு நிமிடம். முன்பின் பார்த்திராத மூன்றாம் ஆண்டு ஈசிஇ மாணவிக்கு இவ்வளவு சொன்னதே பெரிது.

சிக்கல் கடைசி ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கிறது. இன்னும் அனுப்பாமல் வைத்திருக்கும் அந்தச் செய்தி:

“மிக்க நன்றி சார். என் ரெஸ்யூமை இணைத்துள்ளேன். நேரம் கிடைக்கும்போது பார்க்கவும். உங்கள் கம்பெனியில் ஏதாவது வாய்ப்பு இருந்தால் தெரிவிக்கவும். தொந்தரவுக்கு மன்னிக்கவும். மறந்துவிடாதீர்கள்.”

இது நீங்கள் சொல்லச் சொல்ல அவள் எழுதியது என்று நினைக்கிறேன். உரையாடல் முழுக்க ‘அண்ணா’ என்று கூப்பிட்டவள் கடைசி செய்தியில் திடீரென்று ‘சார்’ ஆகிவிட்டாள். படிக்கிறவருக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிடும், ஏதோ கேட்கப் போகிறார்கள் என்று.

“இவ்வளவு பேசிவிட்டு வேலை கேட்காமல் விட்டால் எப்படி?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அதற்கு, ஒரு ஊழியர் தெரிந்தவரைத் தன் கம்பெனிக்குப் பரிந்துரைக்கும் ரெஃபரல் உள்ளே எப்படி நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். பெரும்பாலான கம்பெனிகளில் ஊழியர்களுக்கென்று ஒரு பக்கம் இருக்கும். திறந்திருக்கும் வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்து, ரெஸ்யூமை ஏற்றி, இவரை எனக்கு எப்படித் தெரியும் என்றும் எழுத வேண்டும். அதன்பிறகு முடிவு அவர் கையில் இல்லை. உங்கள் பெண் மூன்றாம் ஆண்டு. அவளுக்குப் பொருந்தும் எண் இன்றைக்கு அநேகமாக எதுவும் இருக்காது. படித்து முடித்து வரும் பிள்ளைகளையும் அதிகம் எடுப்பது கேம்பஸ் தேர்விலும் இன்டர்ன்ஷிப் வழியாகவும்தான். ஆக, அவர் செய்ய முடியாத ஒன்றைக் கேட்கிறீர்கள். இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல அவருக்கு மனசு வராது, சரி என்று சொல்லவும் வழியில்லை. அப்படி மாட்டிக்கொண்டவர் பதிலே போடமாட்டார்.

அவர் மௌனமானதைவிடப் பெரிய நஷ்டம் இந்தப் பக்கம் நடக்கும். நீல டிக் விழுந்து பதில் வராத செய்திக்குக் கீழே இன்னொரு செய்தி போட அவளுக்குக் கூச்சமாக இருக்கும். அடுத்த வருடம் உண்மையிலேயே ஒரு இன்டர்ன்ஷிப் அறிவிப்பு வரும்போது, கேட்க ஆள் இருந்தும் கேட்க முடியாமல் நிற்பாள். இதை வருடம் தவறாமல் பார்க்கிறேன்.

வேலை கேட்கும் வரியை மட்டும் எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. அந்தச் செய்தியில் ஒளிந்திருக்கும் கோரிக்கைகள் இன்னும் இருக்கின்றன. ‘நேரம் கிடைக்கும்போது ரெஸ்யூமைப் பார்க்கவும்’ என்பது சின்னதாகத் தெரிந்தாலும் அரை மணி நேர வேலை. ‘தொந்தரவுக்கு மன்னிக்கவும்’ என்றால் ‘அப்படியெல்லாம் இல்லம்மா’ என்று அவர் ஆறுதல் சொல்லியாக வேண்டும். ‘மறந்துவிடாதீர்கள்’ என்பது நினைவில் வைத்திருக்கும் பொறுப்பை அவர் தலையில் போடுகிறது. நான் மாணவர்களிடம் சொல்லும் சோதனை ஒன்றுதான்: இந்தச் செய்தியைப் படித்துவிட்டு அவர் போனைக் கீழே வைத்தால் ஏதாவது பாக்கி இருக்குமா? இருந்தால் அதில் கோரிக்கை இருக்கிறது.

உங்கள் பெண்ணுடன் நேற்று போனில் பேசி இதை எழுதினோம். பேச்சு வழக்கிலேயே விட்டுவிட்டேன், அவர்கள் இருவரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். இதில் வரும் HDLBits ஒரு இலவசப் பயிற்சித் தளம், FSM அதில் ஒரு பகுதி.

“அண்ணா, ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு நேரம் ஒதுக்கிச் சொன்னதுக்கு நன்றி. கோர்ஸுக்குக் காசு கட்டுறதுக்கு முன்னாடி HDLBits-ல FSM பகுதி வரைக்கும் நீயே போட்டுப் பாருன்னு சொன்னீங்கல்ல, அது சரியான நேரத்துல கிடைச்சது. அடுத்த வாரம் பணம் கட்டுறதா இருந்தோம், இப்போ நிறுத்தி வெச்சிருக்கோம். செமஸ்டர் பரீட்சை முடிஞ்சதும் ஆரம்பிக்கிறேன். முடிச்சதும் எப்படிப் போச்சுன்னு ஒரு வரி எழுதுறேன்.”

அவ்வளவுதான். இன்னும் மரியாதையாக நாலு வார்த்தை சேர்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டாம். இதில் இருக்கும் மரியாதை, அவர் சொன்னதைக் கேட்டு ஒரு வீட்டில் ஒரு முடிவு மாறியது என்பதுதான். ‘உங்கள் அறிவுரை மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்று யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். ஏழு நிமிட வாய்ஸ் நோட்டை முழுசாகக் கேட்டவள்தான் HDLBits பற்றி எழுத முடியும்.

கடைசி வரியைக் கவனியுங்கள். நம் வீடுகளில் கிளம்பும்போது யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை, ‘போயிட்டு வரேன்’ என்போம். அதற்காக வீட்டுக்காரர் நாள் குறித்துக் காத்திருப்பதும் இல்லை. ‘ஒரு வரி எழுதுறேன்’ அந்த வேலையைச் செய்கிறது. முதலில் அவள் ‘எழுதலாமா அண்ணா?’ என்றுதான் எழுதியிருந்தாள். கேள்விக்குறி வந்துவிட்டால் அது அனுமதி கேட்பது, அவர் பதில் சொல்லியாக வேண்டும். ‘எழுதுறேன்’ என்றால் சுமை அவளுடையது. ‘பத்து நாளில் முடிக்கிறேன்’ என்றும் போட்டிருந்தாள், அதையும் எடுக்கச் சொன்னேன். நடுவில் இன்டர்னல் தேர்வோ காய்ச்சலோ வந்து பதினைந்து நாள் ஆகிவிட்டால், சொன்ன சொல் தவறிவிட்டோமே என்று எழுதாமலே விட்டுவிடுவாள். அவர் திறந்து வைத்திருக்கும் கதவை இவளே உள்ளிருந்து சாத்திக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

இதற்கு அவர் ஒரு கட்டைவிரல் போடலாம், ‘ஆல் தி பெஸ்ட்மா’ என்று எழுதலாம், ஒன்றும் போடாமலும் இருக்கலாம். மூன்றுக்கும் பொருள் ஒன்றே, பேச்சு நல்லபடியாக முடிந்தது. அதற்குமேல் ‘நன்றி அண்ணா’, ‘குட்நைட் அண்ணா’ என்று வாசலில் நின்று இன்னொரு அரை மணி நேரம் பேச வேண்டாம். அடுத்த நாள் காலையில் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கமும் வேண்டாம். (சிரிக்காதீர்கள், தொடர்பில் இருப்பதென்றால் அதுதான் என்று நினைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.)

இனி, அந்தக் கதவு எப்படித் திறக்கும் என்பது. HDLBits என்பது, சர்க்யூட்டுகளை வடிவமைக்கும் வெரிலாக் மொழியைப் பிரவுசரிலேயே எழுதிப் பழகும் தளம். நாம் எழுதிய சர்க்யூட்டை ஓட்டிப் பார்த்து, வர வேண்டிய விடையிலிருந்து எங்கே விலகியது என்று காட்டிவிடும். FSM என்பது ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறி மாறி இயங்கும் சர்க்யூட். அந்தப் பகுதியில் Lemmings என்று நான்கு கணக்குகள் வரும். நான்காவதில், குட்டிப் பிராணி ஒன்று 20 கிளாக் துடிப்புக்கு மேல் கீழே விழுந்துகொண்டே இருந்து தரையில் மோதினால் சிதறிவிட வேண்டும். இருபது வரைக்கும் எண்ண ஐந்து பிட் கவுண்டர் போதுமே என்று பிள்ளைகள் வைப்பார்கள். ஐந்து பிட் 31 வரைதான் எண்ணும், அப்புறம் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் விழும் நேரத்துக்கு அந்தக் கணக்கில் உச்சவரம்பே கிடையாது. அதனால் 35 கிளாக் விழுந்தது செத்துப்போகாமல் எழுந்து நடக்கும்.

உங்கள் பெண்ணும் அங்கே மாட்டிக்கொள்ளலாம். மாட்டினால் நல்லதுதான். இரண்டு மாதம் கழித்து அவள் எழுத வேண்டிய செய்தி அதுவே: “அண்ணா, FSM பகுதி முடிச்சுட்டேன். Lemmings4-ல கவுண்டர் சுத்தி பூஜ்யத்துக்கு வந்துடுதுன்னு கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆச்சு. இருபதைத் தாண்டினதும் எண்ணுறதை நிறுத்திட்டேன், சரியாயிடுச்சு.” இந்த மாதிரி விளிம்பில் உடையும் தவறுகளைத் தேடிப் பிடிப்பதுதான் அவர் தினமும் பார்க்கும் வேலை. ரெஸ்யூமைத் திறக்க நேரமில்லாதவர்கூட இதற்கு ஒரு பதில் போட்டுவிடுவார் என்பது என் அனுபவம். போடாவிட்டாலும் அவள் FSM கற்றுக்கொண்டது மிச்சம்.

கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இறுதியாண்டில் அந்தக் கம்பெனி ஒரு இன்டர்ன்ஷிப்பை அறிவித்து, அதற்கு எண்ணும் இருந்து, அவள் தகுதியும் பொருந்தினால், அன்றைக்கு எண்ணையும் ரெஸ்யூமையும் சேர்த்து நேராகவே கேட்கலாம். ‘முடியாவிட்டால் பரவாயில்லை அண்ணா, நான் நேரடியாகவும் விண்ணப்பித்துவிடுகிறேன்’ என்ற வரியோடு. இன்னொரு விலக்கும் உண்டு: அவரே ‘ரெஸ்யூம் அனுப்பும்மா’ என்று கேட்டிருந்தால் அனுப்பித்தான் ஆக வேண்டும், அங்கே பணிவு காட்டி நழுவுவது அசட்டுத்தனம். உங்கள் ஸ்கிரீன்ஷாட்டுகளில் அவர் அப்படிக் கேட்கவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள், சார். அவருடைய எண் உங்கள் போனில் இருக்கிறது என்று தெரியும். நீங்கள் கூப்பிட வேண்டாம். சில வருடம் முன்பு என்னிடம் வந்த ஒரு பையன் இப்படித்தான் அழகாக விடைபெற்று முடித்தான். மறுநாள் அவன் அம்மா அந்த சீனியரைக் கூப்பிட்டு, ‘எங்க பையனைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க தம்பி’ என்று சொல்லிவிட்டார். அந்தம்மா தப்பாக ஒன்றும் பேசவில்லை. ஆனால் அதன்பிறகு அந்தப் பையனுக்கு அங்கிருந்து ஒரு எழுத்து வரவில்லை.

இன்றைக்கு செவ்வாய். பேசியது ஞாயிறு, இரண்டு நாள் ஆகிவிட்டது, இன்னும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்குள் அனுப்பச் சொல்லுங்கள், ராத்திரி பதினொரு மணிக்கு வேண்டாம். தாமதத்துக்கு மன்னிப்பு கேட்டு ஒரு வரி சேர்க்க அவள் கை துறுதுறுக்கும், அதை மட்டும் தடுத்துவிடுங்கள்.