கொழுப்பு மாத்திரை, தொடைக் கடுப்பு, சி.கே. பரிசோதனை

*கேள்வி: எனக்கு வயது 61. உசிலம்பட்டிப் பக்கம். நாலு மாதத்துக்கு முன் மதுரையில் ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போதிருந்து அடோர்வாஸ்டாடின் 40 சாப்பிடுகிறேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. இப்போது மூன்று வாரமாக இரண்டு தொடையும் கடுக்கிறது. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. படர்தாமரைக்காகத் தோல் டாக்டர் கொடுத்த இட்ராகோனசோல் 100 கேப்ஸ்யூலும் ஐந்து வாரமாக இரண்டு வேளை ஓடுகிறது. ரத்தத்தில் சி.கே. 1,420 (200 வரை சரி என்று போட்டிருக்கிறது), எஸ்.ஜி.ஓ.டி. 92, எஸ்.ஜி.பி.டி. 46, கிரியேட்டினின் 1.0. இ.சி.ஜி.யில் மாற்றமில்லை. சி.கே. என்பது ஹார்ட் அட்டாக்குக்கு எடுப்பது என்கிறார்கள். மறுபடி அட்டாக்கா? ஈரலும் கெட்டுவிட்டதா? கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா?*

நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் எதை நிறுத்துகிறோம் என்று பார்த்து நிறுத்த வேண்டும். உங்கள் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து, பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள் அல்லது வீட்டுப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். அடோர்வாஸ்டாடின் என்று மட்டும் இருந்தால் இன்று ராத்திரியிலிருந்தே அதை நிறுத்திவிட்டு, நாளைக்கே இதய டாக்டரைப் பாருங்கள். அதோடு ஆஸ்பிரின், குளோபிடோகிரல் என்ற பெயர்களும் ஒரே கேப்ஸ்யூலில் சேர்ந்திருந்தால் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. நம் ஊரில் மூன்றையும் ஒன்றாக அடைத்து வரும் கேப்ஸ்யூல்கள் நிறைய. ஸ்டென்ட் வைத்து நாலே மாதத்தில் ரத்தம் உறையாமல் காக்கும் மருந்து நின்றால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. தொடை வலிக்காகக் கொழுப்பு மாத்திரையை விடுவதாக நினைத்துக்கொண்டு இதையும் சேர்த்து விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எனவே டாக்டருக்குப் போன் போட்டு, ஆஸ்பிரினையும் குளோபிடோகிரலையும் தனித்தனி மாத்திரையாக எழுதி வாங்குங்கள். அவை கைக்கு வந்த பிறகு பழைய கேப்ஸ்யூலை விடலாம்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது படர்தாமரை கேப்ஸ்யூல்தான். அடோர்வாஸ்டாடினைக் குடலிலும் ஈரலிலும் உள்ள ஒரு நொதி உடைத்து வெளியேற்றுகிறது. இட்ராகோனசோல் அந்த நொதியையே முடக்கிவிடும். இரண்டும் சேர்ந்தால் ரத்தத்தில் அடோர்வாஸ்டாடின் சுமார் மூன்று மடங்கு ஏறும். நீங்கள் விழுங்கியது 40 மில்லிகிராம்தான் என்றாலும், உடம்புக்கு அது 120 போட்ட கணக்கு. இந்த மருந்தில் நாங்கள் கொடுக்கும் உச்ச அளவே 80. முதல் மூன்று மாதம் தொல்லை இல்லாமல் இருந்து, கேப்ஸ்யூல் தொடங்கி இரண்டு வாரத்தில் தொடை கடுக்க ஆரம்பித்தது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு. இட்ராகோனசோல் சாப்பிடும்போது அடோர்வாஸ்டாடின் 20-ஐத் தாண்டக் கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. தோல் டாக்டரிடம் "ஹார்ட்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று சொல்லியிருப்பீர்கள். எந்த மாத்திரை என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. இனி எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இருமலுக்கு எழுதும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யக்கூடியவை.

இப்போது சி.கே. விஷயம். தசை நாருக்குள் இருக்க வேண்டிய ஒரு நொதி அது. நார் அடிபட்டால் அதன் சவ்வு கசிந்து நொதி ரத்தத்துக்கு வரும். எவ்வளவு வந்திருக்கிறது என்பதுதான் ரிப்போர்ட்டில் நீங்கள் பார்க்கும் எண். இதயமும் தசைதான், அதனால் ஒரு காலத்தில் மாரடைப்புக்கு இதைப் பார்த்தோம். லேபில் சொன்னது அந்தப் பழக்கத்தில் வந்தது. இன்று மாரடைப்புக்கு ட்ரோபோனின் பார்க்கிறோம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் எதையும் நீங்கள் எழுதவில்லை, இ.சி.ஜி.யும் மாறவில்லை. வலியும் தொடையில். எனவே இந்த 1,420 உங்கள் கால் தசையிலிருந்து வந்ததாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். இதய டாக்டருக்குச் சந்தேகம் இருந்தால் ட்ரோபோனின் ஒன்று எடுத்துப் பார்த்துவிடுவார்.

ஈரலைப் பற்றியும் பயப்பட வேண்டாம். எஸ்.ஜி.ஓ.டி. ஈரலில் மட்டும் இருப்பதில்லை, தசையிலும் நிறைய இருக்கிறது. எஸ்.ஜி.பி.டி. தசையில் அதைவிடக் குறைவு. உங்களுக்கு முதலாவது நன்றாக ஏறி, இரண்டாவது லேசாக மட்டும் ஏறியிருக்கிறது. சி.கே.யும் உயர்ந்திருக்கும்போது இப்படி வந்தால் தசையிலிருந்து கசிந்தது என்றுதான் முதலில் நினைப்போம். உறுதி செய்ய காமா ஜி.டி. என்ற பரிசோதனை போதும். அது தசையில் அடி பட்டால் ஏறாது. இந்த எண்ணை மட்டும் பார்த்து 'மஞ்சள் காமாலை வரப்போகிறது' என்று கீழாநெல்லி அரைத்துக் குடிக்க வேண்டியதில்லை.

கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிற எல்லாருக்கும் நாங்கள் சி.கே. எடுப்பதில்லை, எடுக்கவும் தேவையில்லை. முந்தின நாள் கரும்பு வெட்டினாலும், புட்டத்தில் வலிக்கு ஊசி போட்டாலும் அது கொஞ்சம் ஏறும். அதைப் பார்த்து நல்ல மருந்தை நிறுத்துவதில் அர்த்தமில்லை. அதோடு, கால் உளைகிறது என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் இந்த மாத்திரை அல்ல. 2022-ல் பல பெரிய ஆய்வுகளின் தகவலை ஒன்றாக்கிப் பார்த்தார்கள். மாத்திரை எடுத்தவர்களில் 27.1 சதவீதம் பேரும், வெறும் போலி மாத்திரை எடுத்தவர்களில் 26.6 சதவீதம் பேரும் தசைத் தொல்லை சொன்னார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் உங்களைப் போன்றவர்கள் அந்தக் கூட்டத்தில் சேர மாட்டார்கள். உங்களுக்கு வலியோடு பலமும் குறைந்திருக்கிறது.

இந்த வேறுபாட்டை நான் பெரிதாகக் கேட்பேன். கடுப்பு மட்டும் இருந்தால் ஆள் முனகிக்கொண்டே எழுந்துவிடுவார். பலம் குறைந்தால் வலியைப் பொறுத்துக்கொண்டாலும் எழ முடியாது. தரையிலிருந்து எழுவது, பஸ் படி ஏறுவது, தலைக்கு மேல் பரணில் ஒரு பாத்திரத்தைத் தூக்கி வைப்பது ஆகிய மூன்றும் இடுப்பு, தொடை, தோள் தசைகளின் வேலை. இந்த மருந்தால் வரும் பாதிப்பு பெரும்பாலும் இங்கேதான், அதுவும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும். ஒரே முழங்காலில் வலி, ஒரே பக்கத்தில் இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கும் வலி என்றால் நான் வேறு காரணம் தேடுவேன்.

சி.கே. சரியான அளவின் மேல் வரம்பைவிட எத்தனை மடங்கு என்பதை வைத்து முடிவெடுக்கிறோம். உங்களுக்கு 1,420-ஐ 200-ஆல் வகுத்தால் ஏழு மடங்கு. நாலு மடங்குக்குக் கீழே இருந்து ஆள் தெம்பாக இருந்தால், பெரும்பாலும் மருந்தைத் தொடர்ந்தபடியே மறுபடி பார்ப்போம். நாலுக்கும் பத்துக்கும் இடையில் இருந்து தொல்லையும் இருந்தால் நிறுத்துவோம். பத்து மடங்கைத் தாண்டினால் உடனே நிறுத்தி, சிறுநீரகத்தைப் பார்ப்போம். தசை பெருமளவில் சிதைந்தால் மயோகுளோபின் என்ற தசைப் புரதம் வெளிவந்து சிறுநீரகத்தைப் பாழாக்கும். பயமெல்லாம் அதற்காகத்தான். இது மிக அரிது. உங்கள் கிரியேட்டினின் 1.0 என்பதால் இப்போதைக்கு சிறுநீரகம் தப்பித்திருக்கிறது. ஆனாலும் தினமும் சிறுநீரின் நிறத்தைக் கவனியுங்கள். கடுங்காப்பி நிறத்தில் போனால், அளவு குறைந்தால், பலவீனம் நாளுக்கு நாள் கூடினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் பெரியாஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கோ அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். வலிக்கு டைக்ளோஃபினாக் மாதிரி மருந்துகளை ஊசியாகவும் வேண்டாம், மாத்திரையாகவும் வேண்டாம். சிறுநீரகத்துக்கு இன்னொரு சுமை, ஸ்டென்ட் வைத்த இதயத்துக்கும் ஆகாது.

அடோர்வாஸ்டாடினை நிறுத்தியபின் தோல் டாக்டரிடம் இதைச் சொல்லி, இட்ராகோனசோலைத் தொடர்வதா மாற்றுவதா என்று கேளுங்கள். படர்தாமரைக்கு டெர்பினஃபின் போல இந்த நொதியை முடக்காத மருந்துகளும் உண்டு. உங்கள் மற்ற மாத்திரைகளைப் பார்த்து அவர் தேர்ந்தெடுக்கட்டும். இட்ராகோனசோலை நிறுத்தினாலும் அது உடம்பை விட்டுப் போக இரண்டு வாரம் வரை ஆகும்.

ஒரு வாரத்தில் சி.கே.யும் கிரியேட்டினினும் மறுபடி எடுங்கள். அதே ரத்தத்தில் தைராய்டுக்கான டி.எஸ்.எச்.சும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைவு தானாகவே கொழுப்பையும் சி.கே.யையும் ஏற்றும், இந்த மாத்திரையின் தொல்லையையும் பெரிதாக்கும். அது கண்டுபிடிக்கப்படாமல் கிடப்பது நான் அடிக்கடி பார்ப்பது. காரணம் மருந்துதான் என்றால் எண் ஒரு வாரத்திலேயே நன்றாக இறங்கத் தொடங்கும். எழுந்து நிற்கும் பலம் திரும்ப இன்னும் சில வாரங்கள் பிடிக்கலாம். நிறுத்தியும் சி.கே. இறங்காமல் பலவீனம் கூடிக்கொண்டே போனால் அது வேறு கதை. அரிதாகச் சிலருக்கு இந்த மருந்து கிளப்பிவிட்ட எதிர்ப்பணுக்கள் மருந்து நின்ற பிறகும் தசையைத் தாக்கும். அதற்கு எச்.எம்.ஜி. கோஏ ரிடக்டேஸ் எதிர்ப்பொருள் பரிசோதனையும் நரம்பியல் அல்லது மூட்டுவாத நிபுணரின் கவனிப்பும் வேண்டும், சிகிச்சையும் வேறு.

சி.கே. சரியாகி, தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிந்த பிறகு கொழுப்பு மாத்திரையைத் திரும்பத் தொடங்க வேண்டும். "அது எனக்கு ஒத்துக்காது" என்று ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவருக்குக் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 55-க்குக் கீழே இருக்க வேண்டும். அதை எட்ட இந்த மருந்துதான் முதுகெலும்பு. இட்ராகோனசோல் உடம்பில் இல்லாத நிலையில் அடோர்வாஸ்டாடின் 10 அல்லது 20-இல் தொடங்கலாம். அந்த நொதியை அதிகம் நம்பாத ரோசுவாஸ்டாடினை 5 மில்லிகிராமில் தொடங்குவது இன்னொரு வழி. குறைந்த அளவில் எல்.டி.எல். இறங்கவில்லை என்றால் எசெட்டிமைப் 10 சேர்ப்பார்கள். தொடங்கி நாலிலிருந்து ஆறு வாரத்தில் சி.கே.யும் எல்.டி.எல்.லும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இடையில் தொடை மறுபடி கடுத்தால், அந்த மாதம் புதிதாகச் சேர்ந்த மருந்து எது என்று முதலில் உங்கள் பையில் தேடுங்கள்.