மாறும் வட்டி விசை: எங்கிருந்து எதுவரை தொகையிடுவது?

இம்முறை வந்த கடிதங்களில் பல, ஏறக்குறைய ஒரே வகைக் கணக்கைச் சுற்றியே இருக்கின்றன. அதனால் எல்லோருக்கும் ஒரே வட்டி விசையை, அதாவது நொடிக்கு நொடி கூட்டப்படும் வட்டியின் ஆண்டு வீதத்தை, எடுத்துக்கொள்கிறேன். முதல் 5 ஆண்டுகளுக்கு δ(t) = 0.05 + 0.002t, அதன் பிறகு 0.06. விசை 5 சதவீதத்தில் தொடங்கி மெல்ல ஏறி, 6 சதவீதத்தில் நின்றுவிடுகிறது.

வங்கி ஆண்டுக்கு 8% வட்டி, காலாண்டுக்கு ஒருமுறை கூட்டு என்கிறது. δ = 0.08 என்று போடலாமா?

கூடாது. δ = 4 × ln(1.02), அதாவது சுமார் 0.0792. ஆண்டின் முழுப் பயன் வட்டி 8.24%. இந்த மூன்று எண்களையும் ஒன்றாக நினைக்காதீர்கள்.

3-ஆம் ஆண்டு முடிவில் 10,000 ரூபாய் போட்டு 8-ஆம் ஆண்டு முடிவில் எடுக்கிறேன். ஐந்து ஆண்டுதானே என்று 0 முதல் 5 வரை தொகையிட்டேன். விடை புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை.

எப்படி ஒத்துப்போகும்? விசை மாறாமல் இருந்தால்தான் எத்தனை ஆண்டு என்பது மட்டும் போதும். மாறும் விசையில் எந்த ஐந்து ஆண்டு என்பதுதான் கணக்கே. பணம் 3-லிருந்து 8 வரை கிடந்தது, ஆகவே 3-லிருந்து 8 வரைதான் தொகையிட வேண்டும். 5-இல் விசையின் வடிவம் மாறுவதால் அங்கே வெட்டிக்கொள்ளுங்கள்.

3-லிருந்து 5 வரை: 0.05 × 2 + 0.001 × (25 − 9) = 0.116. 5-லிருந்து 8 வரை: 0.06 × 3 = 0.18. கூட்டினால் 0.296. exp(0.296) சுமார் 1.3445, ஆகவே கையில் வருவது 13,445 ரூபாய். உங்கள் வழியில் exp(0.275), அதாவது 13,165 மட்டும்தான். 280 ரூபாய் காணாமல் போனது அந்த எல்லைகளால்.

0-இல் போட்ட 1 ரூபாய் t-இல் எவ்வளவாகும் என்பது A(0,t). t > 5 என்றால் A(0,t) = exp(0.06t) என்று எழுதினேன். மதிப்பெண் தரவில்லை.

தராதது சரி. முதல் ஐந்து ஆண்டுகளிலும் 6% ஓடியதாக எழுதிவிட்டீர்கள். அதுவரை சேர்ந்தது 0.275, 0.30 அல்ல. சரியான வடிவம் exp(0.275 + 0.06(t − 5)). இந்தத் தவறைப் பிடிக்க அரை நிமிடம் போதும்: இரண்டு வடிவத்திலும் t = 5 போட்டுப் பாருங்கள். வங்கிக் கணக்கில் இருக்கும் பணம் ஒரு நொடியில் 2.5% குதிக்காது. குதித்தால் எங்கோ கீழ் எல்லையை விட்டுவிட்டீர்கள்.

சரியாக t = 5-இல் எந்த வடிவம் பொருந்தும்?

எதுவானாலும் சரி. ஒரே ஒரு புள்ளி தொகையீட்டில் எதையும் கூட்டாது.

ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் 10 ஆண்டுகள் இடைவிடாமல் செலுத்தப்படுகிறது. 12,000 × A(0,s)-ஐ 0 முதல் 10 வரை தொகையிட்டு 1,60,895 ரூபாய் என்று எடுத்தேன். சரியா?

தவறு. சரியான தொகை சுமார் 1,63,580. இந்த ஒரு தவறைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் மறுபடி வருகிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

s என்ற நேரத்தில் போட்ட பணம், s-க்கு முன்னால் வட்டி சம்பாதிக்கவில்லை. அது s-லிருந்து 10 வரைதான் வளர்கிறது. ஆகவே பெருக்க வேண்டியது A(s,10), A(0,s) அல்ல.

```
F(10) = ∫₀¹⁰ 12000 · exp( ∫ₛ¹⁰ δ(u) du ) ds
```

உள்ளே u, வெளியே s. இரண்டுக்கும் t என்றே எழுதுபவர்கள்தான் பெரும்பாலும் இங்கே வழுக்கி விழுகிறார்கள்.

இந்தத் தவறு ஏன் கண்ணில் படாமல் தப்புகிறது என்றால், விசை மாறிலியாக இருக்கும்போது இரண்டு வழியும் ஒரே விடை தரும். அந்தக் கணக்குகளில் பழகிய கை, மாறும் விசைக்கு வந்ததும் அப்படியே எழுதிவிடுகிறது. உண்மையில் நீங்கள் கண்டுபிடித்தது வேறொரு நிதியின் மதிப்பு. அதில் முதல் ஐந்து ஆண்டு 6% ஓடி, பிறகு 5 சதவீதத்துக்கு இறங்குகிறது. காலத்தைத் தலைகீழாக ஓட்டிவிட்டீர்கள். வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு என்பதால், பார்த்தால் நியாயமான விடை போலவே இருக்கும். அதுதான் ஆபத்து.

இனி கணக்கு. முதல் ஐந்து ஆண்டுச் செலுத்தல்களை t = 5-க்குக் கொண்டுவர வேண்டும். exp(0.275 − 0.05s − 0.001s²)-ஐ 0 முதல் 5 வரை தொகையிட வேண்டும். அடுக்கில் s² இருப்பதால் சாதாரண வாய்பாட்டில் இது அடங்காது. சிம்ப்சன் விதி போதும். s = 0, 2.5, 5-இல் மதிப்புகள் 1.3165, 1.1546, 1. ஆகவே (5/6) × (1.3165 + 4 × 1.1546 + 1) = 5.779. 12,000-ஆல் பெருக்க, சுமார் 69,350 ரூபாய். இது மேலும் ஐந்து ஆண்டு 6 சதவீதத்தில் வளர்ந்து, exp(0.3) = 1.34986-ஆல் பெருகி, 93,610 ஆகிறது. பிந்தைய ஐந்து ஆண்டுச் செலுத்தல்கள் 12,000 × (exp(0.3) − 1)/0.06, அதாவது 69,970. இரண்டும் சேர்ந்து 1,63,580.

நம்பிக்கை இல்லையென்றால் எக்செல்லில் 120 மாதம் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு மாதத்தின் 1,000 ரூபாயும் மாத நடுவில் வந்ததாக வைத்துக்கொள்ளலாம். A1, C1 இரண்டிலும் 0. A2-இலிருந்து கீழே 1, 2, 3 என்று மாத எண். B2, C2-இல் இவற்றைப் போட்டு 121-ஆம் வரிசை வரை இழுங்கள்:

```
B2: =IF(A2<=60, 0.05+0.002*(A2-0.5)/12, 0.06)
C2: =C1*EXP(B2/12) + 1000*EXP(B2/24)
```

C121-இல் நிற்கும் தொகையும் மேலே வந்த தொகையும் நான்கைந்து ரூபாய்க்குள் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் முதலில் உங்கள் எல்லைகளைப் பாருங்கள்.

பத்து ஆண்டு சராசரி விசை 0.0575. அதையே மாறிலியாக வைத்தால் வேலை சுலபம் அல்லவா?

தொடக்கத்தில் ஒரே தவணையாகப் போட்ட பணத்துக்குச் சராசரி சரியாகவே வரும், ஏனெனில் அங்கே தேவைப்படுவது 0 முதல் 10 வரையிலான மொத்தம் மட்டுமே. தொடர்ந்து செலுத்தும் நிதிக்கு வராது. அதே 12,000 கணக்கில் சராசரி 1,62,180 தருகிறது, சுமார் 1,400 குறைவு. நிதி பெரிதாக இருக்கும் பிற்காலத்தில்தான் வட்டியும் அதிகம் என்பதைச் சராசரி மறைத்துவிடுகிறது. விசை இறங்கும் கணக்கில் சராசரி அதிகமாகக் காட்டும்.

நான் மாதக் கடைசியில்தான் 1,000 ரூபாய் கட்டுகிறேன். இந்தத் தொகையீடு எனக்குப் பொருந்துமா?

நெருக்கமாகப் பொருந்தும். ஒவ்வொரு தவணையும் சராசரியாக அரை மாதம் தாமதமாக வருவதால் 400 ரூபாய் போலக் குறையும். துல்லியம் வேண்டுமென்றால் C2 வாய்பாட்டில் இரண்டாம் EXP-ஐ எடுத்துவிட்டு வெறும் 1000 என்று போடுங்கள்.

இடைவிடாமல் செலுத்தும் வீதம் ρ(t) = 10,000 × (0.05 + 0.002t), 0 முதல் 5 வரை. 5-ஆம் ஆண்டு முடிவில் எவ்வளவு என்று சிம்ப்சன் போட்டு 3,165 வந்தது. வேறு வழி உண்டா?

உண்டு, அதற்காகவே அந்த ρ-வைக் கொடுத்திருக்கிறார்கள். ρ என்பது 10,000 × δ(t). 10,000 ரூபாயின் வட்டி அந்தந்த நொடியில் வந்து மறுபடி முதலீடாவதுதான் இது. ஆகவே விடை 10,000 × (exp(0.275) − 1), ஒரே வரியில். தேர்வில் ρ விசித்திரமாகத் தெரிந்தால் அது δ-வின் மடங்கா என்று முதலில் பாருங்கள்.